ஒன்றரை வயதுப் பிள்ளையை விட்டுச் சவூதி போக அனுமதி இல்லை: இந்தத் தடை சரியா?

மஸ்கெலியாத் தம்பி:
என் அக்கா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கடைசிப் பிள்ளைக்கு ஒன்றரை வயது. சவூதிக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக பிரதேச செயலகத்தில் சான்று கேட்டோம். பிள்ளைக்கு இரண்டு வயது ஆகவில்லை என்று மறுத்துவிட்டார்கள். சப் ஏஜென்ட், "விசிட் விசாவில் துபாய் போகட்டும், அங்கிருந்து மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். வீட்டில் அடகுக் கடன் கழுத்தை நெரிக்கிறது. தாய் போகக் கூடாது என்று சொல்ல அரசுக்கு என்ன உரிமை?

கண்டி வாசகன்:
உரிமை இருக்கிறது தம்பி. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு வாய் கிடையாது, அதற்காக யாராவது பேசத்தான் வேண்டும். சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன மூதூர் ரிசானாவுக்கு 2013 ஜனவரியில் அங்கே மரண தண்டனை நிறைவேற்றிய பிறகுதான் அரசு விழித்துக்கொண்டு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்மார் வீட்டு வேலைக்குப் போகக் கூடாது என்றது. 2022இல் டாலர் இல்லாமல் போனதும் அந்த ஐந்தை இரண்டாகக் குறைத்தார்கள். பிள்ளை மாறவில்லை, கஜானாதான் மாறியது. என்னைக் கேட்டால் ஐந்தே இருந்திருக்க வேண்டும்.

கற்பாறைப் பூ:
கஜானா பற்றிச் சொன்னது சரி, ரிசானா பற்றிச் சொன்னதுதான் இடிக்கிறது. அவர் தாயே இல்லை. 2005இல் போனபோது பதின்வயதுச் சிறுமி; கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பிவைத்தார்கள். அந்தக் கொடுமைக்குக் காரணம் பொய்க் காகிதம். அதற்கு மருந்தாக இன்னொரு காகிதத்தைக் கொண்டுவந்து எல்லாத் தாய்மாரின் வாசலிலும் ஒட்டினார்கள். கைக்குழந்தையை விட்டு ஓர் ஆண் கட்டார் போனால், வீட்டில் யார் பார்ப்பார்கள் என்று எந்தச் செயலகமாவது கேட்கிறதா?

கண்டி வாசகன்:
ஆண் போனால் தாய் வீட்டில் இருக்கிறாள். இதில் சமத்துவம் பேசினால் பிள்ளைக்குப் பால் யார் கொடுப்பது?

நெல்லைச் செவிலி:
நானும் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுத்தான் இங்கிலாந்துக்கு வந்தேன், அப்போது அவளுக்கு இரண்டரை வயது. முதல் மாதம் அழுதாள், எட்டாவது மாதம் அழைத்துக்கொண்டேன், இப்போது இங்கேதான் பள்ளிக்குப் போகிறாள். அக்காவைக் கலங்க வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. முதலில் போகட்டும், காலூன்றியதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

கற்பாறைப் பூ:
அக்கா, உங்களுடையது தாதி வேலை. வீட்டுப் பணிப்பெண் விசாவில் சவூதி போகிறவர் பிள்ளையைக் கூட்டிக்கொள்ள வழியே கிடையாது. அவர் விசா முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது, படுப்பதும் அந்த வீட்டிலேயே.

நெல்லைச் செவிலி:
தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். ஆனால் இங்கேயும் அந்தக் கோடு இருக்கிறது. 2024 மார்ச் 11 முதல், முதியோர் இல்லங்களில் பராமரிப்புப் பணிக்குப் புதிதாக விசா பெற்று வந்தவர்கள் கணவனையோ பிள்ளையையோ கூட்டிவர முடியாது. செவிலியருக்கு அந்தத் தடை இல்லை. ஒரே முதியவரின் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான் மருந்தோடு நிற்கிறேன், அந்தப் பக்கம் அவரைக் குளிப்பாட்டி உடை மாற்றுகிற பெண் நிற்கிறாள். என் மகள் என்னோடு இருக்கிறாள், அவள் மகன் போனில் இருக்கிறான். பிள்ளையை விட்டுவிட்டு வந்தாள் என்று ஊரார் தாயைத்தான் ஏசுகிறார்கள். விசாவை யாரும் ஏசுவதில்லை.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்:
மலையகப் பிரதேச செயலகம் ஒன்றில் இந்தச் சான்றுக்கான குடும்பப் பின்னணி அறிக்கைகளுக்காக வீடு வீடாகப் போனவன் நான். லயத்துக் காம்பராவுக்குப் போவேன். பிள்ளைகள் எத்தனை, புருஷன் குடிப்பவரா, யார் பொறுப்பேற்கிறார் என்று கேட்டு எழுதுவேன். பொறுப்பேற்பவர் கையெழுத்திட வேண்டும். அநேகமாக அது பாட்டியாகத்தான் இருக்கும்.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்குப் பன்னிரண்டு. பாட்டிக்கு அறுபத்தொன்று, திடமாகத்தான் இருந்தார். எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தேன். புறப்படுமுன் முகவர் கொடுத்த முற்பணம் கடனுக்கே போய்விட்டது. ஏழாம் மாதம் பாட்டிக்குப் பாரிசவாதம். பிள்ளைகளைப் பார்க்க வேண்டியவரையே பார்க்க ஆள் வேண்டியதாயிற்று. மூத்தவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். தாய் அங்கே ஒரு நான்கு வயதுக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அவரால் திரும்பி வர முடியவில்லை: ஒப்பந்தம் இரண்டு வருடம், இடையில் வந்தால் டிக்கெட் சொந்தச் செலவு, முற்பணத்தையும் திருப்பிக் கொடு என்று முகவர் நின்றார்.

இந்தச் செய்தி எங்கள் அலுவலகத்துக்கு எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? இரண்டாவது பிள்ளையின் ஆசிரியை தற்செயலாகச் சொல்லித்தான் வந்தது. கோப்பில் அந்தக் குடும்பம் "திருப்திகரம்" என்றே இருந்தது. தாய் விமானம் ஏறும்வரை அந்த வீட்டைத் துருவித் துருவிப் பார்த்த நாங்கள், ஏறிய பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. போகச் சொல்லி எனக்கு யாரும் பணிக்கவுமில்லை.

கண்டி வாசகன்:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தடையை இன்னும் இறுக்க வேண்டும் என்றுதானே ஆகிறது ஐயா?

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்:
இறுக்கினால் என்ன நடக்கும் என்பது தம்பியின் கேள்வியிலேயே இருக்கிறதே. சப் ஏஜென்ட் விசிட் விசாவை நீட்டுவார். 2022 கடைசியில் ஓமானில் சிக்கிய நம் பெண்களில் பலர் அப்படிப் போனவர்கள்தான். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனால் முதலாளியின் பெயர், ஒப்பந்தம், காப்புறுதி என்று தூதரகம் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். விசிட் விசாவில் போனவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதே தெரியாது. ஆனால் தடையை எடுத்துவிட்டால் பிள்ளை பிழைத்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அந்த மூத்தவளின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

குவைத் அம்மாவின் மகன்:
நான் அப்படி வளர்ந்தவன். பாட்டியை "அம்மா" என்போம், பெற்றவளை "குவைத் அம்மா" என்போம். கேசட்டில் பேசி அனுப்புவார். பாட்டி அதை ரேடியோவில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அழுவதற்கு என்பது பிறகுதான் புரிந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது பல வாரங்கள் சேதி இல்லை. ஊரே கவலைப்பட்டது, எனக்கு மட்டும் புதுக் கேசட் வரவில்லையே என்ற குறை. திரும்பி வந்த அம்மாவின் மடியில் உட்கார மறுத்தேனாம். அந்தப் பணத்தில்தான் படித்தேன், இந்த வீடும் அந்தப் பணம்தான். போனது சரியா தவறா என்று என்னைக் கேட்காதீர்கள். நாற்பது வயது ஆகியும் எனக்குப் பதில் இல்லை.

கற்பாறைப் பூ:
ஐயா, ஒரு கேள்வி. தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா இருக்கிறது, தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை அங்கேதான் விடுகிறார்கள். வெளிநாடு போன தாயின் பிள்ளையையும் அங்கே சேர்த்து, மாதம் ஒரு தடவை உங்களைப் போல ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அந்த மூத்தவள் பள்ளிக்கூடத்தை விட்டிருப்பாளா?

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்:
பகலுக்கு அது உதவும். பாரிசவாதம் வந்த பாட்டியை இரவில் யார் தூக்கிவிடுவது? தகப்பன் தூக்கியிருக்கலாம். அவர் பெயரைப் பொறுப்பாளர் இடத்தில் எழுத அந்த வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

மஸ்கெலியாத் தம்பி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று அக்காவிடம் ஓமான் கதையைச் சொன்னேன். விசிட் விசா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சின்னவனுக்கு இரண்டு வயது ஆக இன்னும் ஐந்தரை மாதம். கலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அத்தானுக்குச் சோறு வடிக்கவும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். இரண்டு நாளும் குழைந்துவிட்டது.