கம்பியின் எடையில் மூன்று கணக்குகள்: எதற்குப் பணம் கொடுப்பது?

வலங்கைமானிலிருந்து கேள்வி

வீட்டு வேலைக்காகச் சென்ற வாரம் முறுக்குக் கம்பி இறக்கினேன். 8 மி.மீ. கம்பி 120, 12 மி.மீ. கம்பி 80, 16 மி.மீ. கம்பி 24, எண்ணிக்கையை நானே இருமுறை சரிபார்த்தேன். விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும் என்பதால், ஒரு கம்பிக்கு 12 மீட்டர் என்று வைத்துப் பின்வருமாறு கணக்கிட்டேன்.

```
8:   64/162 = 0.395 × 12 × 120 = 569
12: 144/162 = 0.889 × 12 × 80  = 853
16: 256/162 = 1.580 × 12 × 24  = 455
                                1877
```

கடையின் ரசீதில் 1902 கிலோ என்று இருக்கிறது. வண்டியைச் சுமையோடும் வெறுமையாகவும் எடைமேடையில் ஏற்றியபோது கிடைத்ததோ 1780 கிலோதான். மீதிப் பணத்தை இன்னும் கொடுக்கவில்லை. இவற்றில் எது சரி?

மன்னார்குடி, கம்பிக் கடையில் பணியாற்றியவர்

ஐயா, கம்பி உருட்டும்போது எடை சற்றுக் கூடுவதும் குறைவதும் இயல்பே. இந்தியத் தரநிலை 1786 அதை அனுமதிக்கிறது. 8 மி.மீ. கம்பிக்கு 7 சதவீதம் வரை குறையலாம். உங்களுக்குக் குறைந்திருப்பது ஏறத்தாழ 5 சதவீதம்தான் என்பதால் கடைக்காரர்மீது குற்றம் காண முடியாது.

சீர்காழியிலிருந்து

எங்கள் வீட்டுக்குச் சதுர அடிக்கு 4 கிலோ கம்பி போதும் என்று மேஸ்திரி சொன்னார். நீங்கள் வாங்கிய 1780 கிலோ எத்தனை சதுர அடிக்கு என்று தெரிவித்தால், போதுமா போதாதா என்று பார்த்துவிடலாமே?

தஞ்சாவூர், கட்டுமானப் பொறியாளர்

சீர்காழி அம்மா, அவர் கேட்பது வீட்டுக்கு எவ்வளவு கம்பி தேவை என்பதை அன்று. வந்த கம்பிக்கு எந்த எடையில் பணம் கொடுப்பது என்பதைத்தான்.

முதல் வேறுபாட்டுக்குக் காரணம் அடிக்கணக்கு. ஒரு கம்பியை 40 அடி என்று வைத்து, 162க்குப் பதிலாக 533ஆல் வகுத்து, அடிக்கு இத்தனை கிலோ என்று கடையில் பெருக்கியிருப்பார்கள். அப்படிச் செய்து பாருங்கள், சரியாக 1902 வரும். 40 அடி என்பது 12.19 மீட்டர், ஆலையிலிருந்து வரும் கம்பியோ 12 மீட்டர். இல்லாத நீளத்துக்கு 25 கிலோ ஏறியிருக்கிறது.

அடுத்த 97 கிலோ வேறு வகை. மன்னார்குடி நண்பர் சொன்ன 7 சதவீதம் 10 மி.மீ. வரையிலான கம்பிக்கு மட்டுமே. 12க்கும் 16க்கும் அது 5 சதவீதம். எனவே மொத்த எடையை வைத்து முடிவுசெய்யாமல் அளவுவாரியாக நிறுக்க வேண்டும். மேலும், எடை குறையலாம் என்று தரநிலை சொல்வதால், குறைந்த எடைக்கும் பணம் வாங்கலாம் என்று ஆகிவிடாது.

நெல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஊரில் கிடைக்கும். கட்டின் நுனி தரையில் படாதவாறு வைத்து, அளவுக்கு ஒரு கட்டை நிறுத்துப் பாருங்கள். அதற்குமுன் ஒரு கம்பியை நாடா பிடித்து அளந்துவிடுங்கள். நீளம் குறைந்தாலும் எடை குறையும் அல்லவா?

வலங்கைமான்

நீளம் 12 மீட்டர் சரியாக இருக்கிறது. 8 மி.மீ. பத்துக் கம்பிக் கட்டு 45.4 கிலோ, 12 மி.மீ. ஐந்து கம்பிக் கட்டு 50.1 கிலோ, 16 மி.மீ. மூன்று கம்பிக் கட்டு 54.7 கிலோ.

தஞ்சாவூர்

மீட்டருக்கு முறையே 0.378, 0.835, 1.52 கிலோ ஆகிறது. இவற்றைக் கொண்டு முழுச் சரக்கையும் பெருக்கினால் 1784 வருகிறது. எடைமேடையின் 1780உடன் இது ஒத்துப்போவதால், எண்ணிக்கையில் குறைவில்லை, கம்பிதான் இலேசானது என்பது தெளிவாகிறது. 8, 16 இரண்டும் வரம்புக்குள் உள்ளன. 12 மட்டும் 6 சதவீதம் குறைகிறது. 0.835ஐ 162ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் விட்டம் 11.63 மி.மீ. என்று வரும். கம்பியின் மேலே வரிகள் இருப்பதால் வெர்னியர் வைத்து இதைக் கண்டுபிடிக்க இயலாது, எடைதான் காட்டிக்கொடுக்கும். ஒரே கட்டை நம்பாமல், குவியலின் வேறு வேறு இடத்திலிருந்து இன்னும் மூன்று கட்டுகளை நிறுத்துவிட்டுக் கடையில் பேசுங்கள்.

மன்னார்குடி

12 மி.மீட்டருக்கு வரம்பு வேறு என்பதை நான் கவனிக்கவில்லை. ஆனாலும் எண்ணிக்கைக் கணக்கில் விலை பேசி வாங்கியிருந்தால் கடைக்காரர் எடைமேடைச் சீட்டை ஏற்பாரா என்பது ஐயமே. விலை பேசும்போதே, "எடைமேடை எடைக்குத்தான் பணம்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

வலங்கைமான்

மேலும் மூன்று கட்டுகளை நிறுத்தேன்: 50.3, 49.9, 50.2 கிலோ. கடைக்காரர் 1780 கிலோவுக்கு ரசீதை மாற்றித் தர ஒப்புக்கொண்டார், 12 மி.மீ. கம்பியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் மறுக்கிறார். இந்தக் கம்பியை உத்தரத்தில் போடலாமா, அல்லது ஒன்றிரண்டு கூடுதலாகச் சேர்க்க வேண்டுமா என்று வரைபடம் போட்டுத் தந்த பொறியாளரிடம் கேட்டிருக்கிறேன். அவர் பதில் வரும்வரை அந்தக் கட்டுகளைத் தனியே அடுக்கி வைத்திருக்கிறேன்.