கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்துதல்: மகளின் விடை எங்கே தப்பு?

மலர்விழி:
வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இந்தப் பயிற்சி வந்தது. கலைந்து கிடக்கும் வாக்கியங்களை வரிசைப்படுத்தி, இணைப்புச் சொற்கள் சேர்த்து ஒரே பத்தியாக எழுத வேண்டும். விஷயம் முல்லைப் பெரியாறு அணை.

அ) 1895-ல் அணை திறக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தண்ணீர் வைகைப் பக்கம் வந்தது.
ஆ) இந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்பினால் பஞ்சம் தீரும் என்று பொறியாளர்கள் கருதினார்கள்.
இ) மலைக்கு அந்தப் பக்கமோ பெரியாறு நிறையத் தண்ணீரோடு ஓடி அரபிக்கடலில் கலந்தது.
ஈ) அடுத்த ஆண்டே பென்னிகுவிக் தலைமையில் வேலை தொடங்கியது.
உ) மழை பொய்த்த ஆண்டுகளில் மதுரைப் பக்கத்து வயல்கள் காய்ந்தன.
ஊ) எனினும் பெருவெள்ளம் கட்டியதை அடித்துச் சென்றது.
எ) அதற்காக 1886-ல் சென்னை மாகாண அரசு திருவிதாங்கூரிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது.

அவள் எழுதியது: இ, உ, ஆ, எ, ஈ, ஊ, அ. விடைத்தாளில் உ, இ, ஆ, எ, ஈ, ஊ, அ என்று இருக்கிறது. முதல் இரண்டு மட்டும்தான் இடம் மாறியிருக்கின்றன. "ஆற்றைப் பற்றிய பத்தி, அதனால் ஆற்றில் தொடங்கினேன்" என்கிறாள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. பதில் சொல்லத் தெரியவில்லை.

ராஜசேகர்:
வருடத்தைப் பிடியுங்கள், போதும். 1886, அடுத்த ஆண்டு, 1895. வருடம் இல்லாதவற்றை முன்னால் போடுங்கள். முன்னால் போகிறவை எந்த வரிசையில் இருந்தால் என்ன? உங்கள் மகளின் விடையும் சரிதான். விடைத்தாள் போட்டவர்களின் பிடிவாதம்.

சாந்தி டீச்சர்:
ராஜசேகர் சார், வருடம் உதவுவது எ, ஈ, அ மூன்றுக்கும்தான். ஊ-வில் வருடம் கிடையாது. நீங்கள் சொல்வதுபோல் அதையும் முன்னால் தள்ளினால், கட்டத் தொடங்கும் முன்பே கட்டியது அடித்துப் போய்விடும்.

மலர்விழி அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் பின்னால் திரும்பிப் பார்க்கும் சொல் எது என்று மகளைக் கோடிடச் சொல்லுங்கள். ஆ-வில் 'இந்தத் தண்ணீரை' என்று இருக்கிறது. எந்தத் தண்ணீர்? அதற்கு முந்தைய வாக்கியத்திலேயே தண்ணீர் இருந்தாக வேண்டும். அவள் வரிசையில் ஆ-வுக்கு முன்னால் இருப்பது உ. அங்கே காய்ந்த வயல்தான் இருக்கிறது, தண்ணீர் இல்லை. ஒரு வாக்கியம் தாண்டிப் போய்த் தேட வேண்டியிருக்கிறது. படிப்பவர் அந்த இடத்தில் ஒரு நொடி தடுக்குவார்.

இரண்டாவது, இ-யில் 'அந்தப் பக்கமோ' என்பதில் வரும் ஓகாரம். எதிரே ஒன்றைச் சொல்லி முடித்த பிறகுதான் இந்த ஓ வரும். 'இந்தப் பக்கம் இப்படி, அந்தப் பக்கமோ அப்படி.' முதல் வாக்கியத்திலேயே 'அந்தப் பக்கமோ' என்றால், எதற்கு அந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றும். பிள்ளைகள் 'ஆனால்', 'எனவே' மாதிரி தனியாக நிற்கும் சொல்லைத் தேடுவார்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் ஓ, உம், ஏ இவற்றைக் கண்டுகொள்ள மாட்டார்கள். தமிழில் பாதி இணைப்பு அங்கேதான் இருக்கிறது.

மற்றவை அவளுக்கே சரியாக வந்திருக்கின்றன. 'அதற்காக' ஆ-வைப் பார்க்கிறது, 'அடுத்த ஆண்டே' 1886-ஐப் பார்க்கிறது, 'கட்டியதை' ஈ-யைப் பார்க்கிறது.

பிரபு:
எனக்கும் இதே சிக்கல். தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டது பற்றி மனு எழுதினேன். எப்போது அடைத்தது, யாரிடம் சொன்னோம், அப்புறம் மழை வந்து என்ன ஆனது என்று வரிசையாகத்தான் எழுதினேன். வாங்கியவர் இரண்டு வரி படித்துவிட்டு "சரி, என்ன வேணும்?" என்று கேட்டார். வரிசை சரியாக இருந்தும் ஏன் புரியவில்லை?

சாந்தி டீச்சர்:
பிரபு தம்பி, உங்களுடையது கதை வரிசை. மனுவுக்கு அது ஒத்துவராது. 'எங்கள் தெருச் சாக்கடையைத் தூர்வார வேண்டுகிறோம்' என்பதை முதலில் வையுங்கள், காரணம் பின்னால் வரட்டும். வரிசை மாறினால் இணைப்புச் சொல்லும் மாறும். காரணம் முன்னால் வந்தால் 'ஆகவே', பின்னால் வந்தால் 'ஏனெனில்'. பழைய மனுவைத் தலைகீழாகத் திருப்பிவிட்டு 'ஆகவே'யை அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

மலர்விழி:
நன்றி டீச்சர். ஓகாரத்தைக் காட்டியதும் அவளே "ஓ, அதனாலயா!" என்றாள். இப்போது பத்தியாக எழுதியிருக்கிறாள். படித்தால் ஏதோ இடிக்கிறது, எது என்று தெரியவில்லை:

"மழை பொய்த்த ஆண்டுகளில் மதுரைப் பக்கத்து வயல்கள் காய்ந்தன. ஆனால் மலைக்கு அந்தப் பக்கமோ பெரியாறு நிறையத் தண்ணீரோடு ஓடி அரபிக்கடலில் கலந்தது. ஆகவே இந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்பினால் பஞ்சம் தீரும் என்று பொறியாளர்கள் கருதினார்கள். மேலும் அதற்காக 1886-ல் சென்னை மாகாண அரசு திருவிதாங்கூரிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. பிறகு அடுத்த ஆண்டே பென்னிகுவிக் தலைமையில் வேலை தொடங்கியது. எனினும் பெருவெள்ளம் கட்டியதை அடித்துச் சென்று 1895-ல் அணை திறக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தண்ணீர் வைகைப் பக்கம் வந்தது."

ராஜசேகர்:
கடைசி வாக்கியத்தைப் படித்தால் வெள்ளமே வந்து அணையைத் திறந்து வைத்த மாதிரி இருக்கிறது!

சாந்தி டீச்சர்:
சரியாகப் பிடித்தீர்கள். 'சென்று' என்று எச்சமாக்கினால், அதே எழுவாய்தான் அடுத்த வேலையையும் செய்கிறது என்று மனம் எடுத்துக்கொள்ளும். இங்கே அடித்துச் சென்றது வெள்ளம், திறந்தது வேறு ஆட்கள். இன்னொன்று, அடித்துப் போன கட்டுமானம் எப்படித் திறப்பு விழா வரை வந்தது என்ற நடு விஷயம் கொடுத்த வாக்கியங்களில் இல்லை. அந்தப் பள்ளத்தை இணைப்புதான் தாண்ட வேண்டும்.

'மேலும்' தப்பு. முன்னால் சொன்னதோடு அதே வகையில் இன்னொன்றைச் சேர்க்கும்போது வருவது அது. குத்தகை எடுத்தது அந்த யோசனையின் விளைவு, கூடுதல் செய்தி இல்லை. 'அதற்காக' ஒன்றே போதும். 'ஆனால்' வந்த பிறகு ஓ எதற்கு? 'அடுத்த ஆண்டே' இருக்கும்போது 'பிறகு' எதற்கு? ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு.

நான் இப்படி எழுதுவேன்:

"மழை பொய்த்த ஆண்டுகளில் மதுரைப் பக்கத்து வயல்கள் காய்ந்தன. மலைக்கு அந்தப் பக்கமோ பெரியாறு நிறையத் தண்ணீரோடு ஓடி அரபிக்கடலில் கலந்தது. ஆகவே இந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்பினால் பஞ்சம் தீரும் என்று பொறியாளர்கள் கருதினார்கள். அதற்காக 1886-ல் சென்னை மாகாண அரசு திருவிதாங்கூரிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க, அடுத்த ஆண்டே பென்னிகுவிக் தலைமையில் வேலை தொடங்கியது. எனினும் பெருவெள்ளம் கட்டியதை அடித்துச் சென்றதால், மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது. கடைசியில் 1895-ல் அணை திறக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தண்ணீர் வைகைப் பக்கம் வந்தது."

'எடுக்க' என்று போட்டதைக் கவனிக்கச் சொல்லுங்கள். எழுவாய் மாறினாலும் அது இடிக்காது. 'ஆகவே' இல்லாமலும் மூன்றாவது வாக்கியம் நிற்கும், 'இந்த' தாங்கிக்கொள்ளும். ஆனால் இணைப்புச் சொல் கேட்கும் பயிற்சியில் அதை எடுத்தால் மதிப்பெண் போகலாம், அதனால் விட்டுவைத்தேன்.

ராஜசேகர்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. 1895-ல் அணை திறந்ததை முதலில் சொல்லி, 'அதற்கு முன்' என்று பின்னோக்கிப் போகக் கூடாதா? பத்திரிகையில் அப்படித்தானே எழுதுகிறார்கள்?

சாந்தி டீச்சர்:
எழுதலாம், நன்றாகவும் இருக்கும். அப்போது வைகைப் பக்கம் ஏன் தண்ணீர் வர வேண்டியிருந்தது என்று ஒரு வாக்கியம் புதிதாகச் சேர்க்க வேண்டும். பயிற்சியில் புதிய வாக்கியம் சேர்க்கலாமா என்று கேள்வியில் சொல்லவில்லை. திருத்துபவரைப் பொறுத்தது.

மலர்விழி:
'மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது' என்று நீங்கள் சேர்த்ததும் புதிதுதானே டீச்சர்? அதற்கும் மதிப்பெண் குறைப்பார்களா? வகுப்பில் கேட்டுவரச் சொல்கிறேன்.