பாக்கி வசூலுக்கு மூன்று கடிதம்: எதில் என்ன எழுதலாம்?

குளச்சல் கயிறு: கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜுக்குக் கயிறு மிதியடி போட்டது. பில் மார்ச் 3, ரூ.86,400, 30 நாள் கடன். 30,000 வந்தது; மீதி 56,400 நிற்கிறது. எப்படி எழுதுவது?

நாகர்கோவில் கணக்கர்: முதல் கடிதம் கெடு முடிந்த வாரமே போகட்டும். குற்றம் சொல்லாதீங்க, பில் கைமாறித் தொலைந்திருக்கலாம் என்ற தொனி போதும். "மார்ச் 3 பில்லில் ரூ.56,400 பாக்கி, கெடு ஏப்ரல் 2. பில் நகல், டெலிவரி சலான் இணைத்துள்ளோம்." சலானில் அவங்க ஆள் கையெழுத்தும் தேதியும் தெரியணும். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கொள்ளும். பிறகு "நார் உதிருது" என்று பேச்சு வந்தால் அந்தத் தேதிதான் துணை.

தோவாளை பூ: எதுக்கு மூணு? முதல்லயே 45 நாளுக்குள்ள பணம் தரணும்ங்கிற சட்டம், தாமத வட்டின்னு போட்டுருங்க. திருவனந்தபுரம் பார்ட்டிக்கு நான் அப்படித்தான் எழுதப் போறேன்.

நாகர்கோவில் கணக்கர்: அண்ணாச்சி, நீங்க வாங்கி விற்கிற வியாபாரி. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தாலும் அந்த வட்டி உங்களுக்கு வராது. உற்பத்தி, சேவை செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான். 45 நாளும் எழுத்தில் கெடு பேசியிருந்தால் அதற்கு உச்சவரம்பு. பேசாவிட்டால் 15 நாள்தான்.

இரண்டாவது கடிதம் இரண்டு வாரம் கழித்து. இதில் "சீக்கிரம் தரவும்" உதவாது, தேதி வேணும்: "ஏப்ரல் 30-க்குள் முழுத்தொகை, அதுவரை புது ஆர்டர் அனுப்ப இயலாது." கூடவே பாக்கி உறுதிச் சீட்டு ஒன்று வைத்து, கையெழுத்துக் கேளுங்க. 3 வருட காலவரம்பு முடியும் முன் அவங்க எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து கணக்கு புதிதாக ஓடும். கையெழுத்துப் போட மறுத்தால் தகராறு வருகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

மார்த்தாண்டம் தேன்: வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தா போதாதா?

நாகர்கோவில் கணக்கர்: முதலாவதுக்குப் போதும். மூன்றாவது தபாலில், ஒப்புகையோடு போகணும். "7 நாளுக்குள் வராவிட்டால், 2006 குறு, சிறு, நடுத்தர நிறுவன வளர்ச்சிச் சட்டப்படி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டின் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியோடு கோரி, குறு, சிறு நிறுவன வசதி மன்றத்தில் மனுச் செய்வோம்." போலீஸ், மானக்கேடு என்று ஒரு வரியும் வேண்டாம், அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் மேலேயே திருப்புவாங்க. உத்யம் பதிவு சரக்கு போகும் முன்பே இருந்ததா? பிறகு எடுத்த பதிவை வைத்துப் பழைய பில்லுக்குப் போனால் முதல் ஆட்சேபணையே அதுதான்.

குளச்சல் கயிறு: பதிவு முன்பே இருக்கு. ஆனா பில் லாட்ஜ் பெயரில், 30,000 அனுப்பியது குத்தகைக்கு நடத்துறவர் கணக்கிலிருந்து. கடிதம் யார் பெயருக்கு?

நாகர்கோவில் கணக்கர்: இரண்டு பேருக்கும் அனுப்புங்க. யார் மேல் கோருவது என்பதற்கு ஆர்டர் தாளில் யார் கையெழுத்து என்று முதலில் பார்க்கணும். அதை எடுத்துப் போடுங்க.