“எந்த வீடு?” என்று ஏஜென்ட் கேட்கிறார்: போனில் படிப்பவருக்கு மெயில் எழுதுவது எப்படி?

ரெடிங் புதுவரவு

வணக்கம். இங்கிலாந்து வந்து ஆறு வாரம் ஆகிறது, ரெடிங்கில் வாடகை வீடு. சனிக்கிழமை ராத்திரியிலிருந்து பாய்லர் ஓடவில்லை. வீட்டு ஏஜென்டுக்கு ஒரு விவரம் விடாமல் மெயில் எழுதினேன். திங்கள் காலை வந்த பதில் இரண்டே சொல்: “எந்த வீடு?” முகவரி மெயிலின் கடைசி வரியில் இருக்கிறது. அதைத் திரும்ப அனுப்பினேன். அடுத்த பதில்: “மீட்டர் ரீடிங் படம் கிடைத்தது, நன்றி.” பாய்லர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. நான் அனுப்பியதைத் தமிழில் தருகிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

> பொருள்: ஒரு வேண்டுகோள்
>
> மதிப்பிற்குரிய ஐயா, நீங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நாங்கள் சென்ற மாதம்தான் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம், எல்லாம் நன்றாகவே இருந்தது. சனிக்கிழமை இரவு குழந்தையைக் குளிப்பாட்டப் போனபோது வெந்நீர் வரவில்லை, பார்த்தால் பாய்லரில் அழுத்தம் குறைந்திருந்தது, நண்பர் ஒருவர் சொன்னபடி தண்ணீர் நிரப்பினோம், ஓடியது, ஆனால் ஞாயிறு காலை மறுபடியும் இறங்கிவிட்டது, படுக்கையறை ரேடியேட்டரின் அடியிலும் ஈரம் தெரிகிறது, அதுதான் காரணமா என்று தெரியவில்லை. நான் அலுவலகம் போய்விடுவேன், மனைவி மதியத்துக்கு மேல் இருப்பார். மேலும் தபால்பெட்டிச் சாவி ஒன்றுதான் தந்தீர்கள், இன்னொன்று கிடைக்குமா? நீங்கள் கேட்ட மீட்டர் ரீடிங் படத்தை இணைத்துள்ளேன்.

கீழே என் பெயர், அதற்கும் கீழே முகவரி.

ஹாரோ நண்பர்

இந்த ஊரில் யாரும் பத்தி படிக்க மாட்டார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் புல்லட் ஆக்குங்கள், முக்கியமானதைச் சிவப்பில் போடுங்கள். நான் எப்போதும் டேபிள் போட்டுத்தான் அனுப்புவேன், பார்க்கவே தெளிவாக இருக்கும்.

மெல்பர்ன் மாமா

தம்பி, போனில் எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்றால் செட்டிங்கில் போய்ப் பெரிதாக்கினால் போதும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், கண்ணாடியே வேண்டாம்.

லெஸ்டர் அக்கா

மாமா, தம்பி கேட்பது அவர் போனைப் பற்றி இல்லை, மெயிலைப் படிக்கிற ஏஜென்டின் போனைப் பற்றி. ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது: உங்களைப் போல எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவருக்கு ஒரு வரியில் நாலைந்து சொல்தான் நிற்கும்.

தம்பி, நான் ஒரு வீட்டுவசதி அலுவலகத்தில் ரிப்பேர் மெயில்களைப் பிரிக்கிற வேலையில் பல வருடம் இருந்தவள். ஏஜென்ட் உங்கள் மெயிலை இன்னொரு வீட்டு வாசலில், சாவிக்கொத்தோடு நின்றபடி பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறப்பதற்கு முன் அவருக்குத் தெரிவது பொருள் வரியும் உள்ளே முதல் ஒன்றிரண்டு வரியும்தான். அவர் கண்ணில் பட்டது “ஒரு வேண்டுகோள், நீங்கள் நலமாக இருப்பீர்கள் என”. அதில் வீடும் இல்லை, பாய்லரும் இல்லை.

அப்புறம் திறந்தார். லேப்டாப்பில் ஆறு வரியாகத் தெரிந்த பத்தி, போனில் பதினைந்து வரிக்கு மேல் போய் ஒரே சுவராக நிற்கும். விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிக்கு வந்தார். கடைசியில் இருந்தது மீட்டர் படம். அதற்கு மட்டும் பதில் போட்டார். அவர் உங்களை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கண்ணுக்கு மாட்டியது அதுதான்.

நான் எழுதினால் இப்படி:

> பொருள்: 12பி, முதல் மாடி – வெந்நீரும் ஹீட்டிங்கும் இல்லை (சனி முதல்)
>
> வணக்கம்,
>
> சனி இரவிலிருந்து வீட்டில் ஹீட்டிங், வெந்நீர் இரண்டும் இல்லை. ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. இன்றோ நாளையோ ஆள் அனுப்ப முடியுமா?
>
> பாய்லர் அழுத்தம் 0.4 பார். இரண்டு முறை தண்ணீர் நிரப்பினோம், மறுநாளே இறங்கிவிட்டது. படுக்கையறை ரேடியேட்டர் வால்வில் சொட்டுகிறது, படம் இணைத்துள்ளேன்.
>
> உங்களிடமிருந்து வேண்டியது:
>
> 1. ஆள் வரும் நாள், நேரம் (மதியம் 1 மணிக்கு மேல் மனைவி வீட்டில் இருப்பார்)
>
> 2. அதுவரை மின்சார ஹீட்டர் ஒன்று தர முடியுமா?
>
> பெயர், போன் எண்

12பி, 0.4, இரண்டு முறை நிரப்பியது, வால்வில் சொட்டுவது எல்லாம் நான் உதாரணத்துக்குப் போட்டவை, உங்கள் முள் காட்டுவதையும் உங்கள் வீட்டில் நடந்ததையும் போடுங்கள். பாய்லர் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 வரை இருக்க வேண்டும். அந்த ஒரு எண்ணையும் சொட்டுகிற வால்வையும் பார்த்தாலே பிளம்பருக்கு எந்தச் சாமானோடு வர வேண்டும் என்று புரிந்துவிடும். சாவி விஷயத்தைத் தனி மெயிலாக, தனிப் பொருள் வரியோடு அனுப்புங்கள். அவசரத்தோடு அவசரமில்லாதது சேர்ந்தால், பதில் சொல்லச் சுலபமானதுதான் முதலில் பதில் வாங்கும்.

கேள்விகளுக்குப் புள்ளிக்குப் பதில் எண் போட்டது காரணத்தோடுதான். போனில் கட்டைவிரலால் “1 வியாழன், 2 சரி” என்று அடித்து அனுப்பிவிடலாம்.

ஹாரோ தம்பி சொன்னதில் பாதி சரி. நடந்த கதையைப் புல்லட் ஆக்கினால் எது காரணம், எது விளைவு என்று கழன்றுபோகும். “நிரப்பினோம், ஆனாலும் இறங்கியது” என்பதில் அந்த “ஆனாலும்”தான் விஷயமே. புல்லட் போட வேண்டியது கேட்கிற பொருள்களுக்கு மட்டும், நாலைந்துக்கு மேல் வேண்டாம். டேபிள் போனின் அகலத்தைத் தாண்டும், இடம் வலம் இழுத்துத்தான் படிக்க வேண்டும்.

வேர்டிலிருந்து ஒட்டின பட்டியலும் அப்படித்தான். அதன் உள்தள்ளல் போனில் பாதி அகலத்தைத் தின்றுவிடும். புல்லட்டுக்குள் புல்லட் என்றால் வரிக்கு இரண்டு சொல்தான் மிஞ்சும். ஜிமெயிலில் Ctrl + Shift + V என்று ஒட்டினால் அந்த அலங்காரம் வராது. அப்புறம் எண்ணோ சிறு கோடோ கையாலேயே அடித்துவிடுங்கள், எந்தப் போனிலும் அப்படியே நிற்கும். பத்தியின் நடுவில் வரி முடிகிற இடத்திலெல்லாம் என்டர் தட்டாதீர்கள், போனில் நீள வரி, குட்டை வரி என்று உடைந்து வரும். பத்திக்கும் பத்திக்கும் நடுவில் ஒரு வெற்று வரி போதும்.

பிராம்ப்டன் அம்மா

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊரில் மாமனார் தவறிவிட்டார், மகளை மூன்று வாரம் அழைத்துப் போக வேண்டும் என்று டீச்சருக்கு எழுதினேன். இப்படித்தான் எண் போட்டேன்: 1. தாத்தா இறந்துவிட்டார். 2. மூன்று வாரம் லீவ். அனுப்பிவிட்டுப் படித்தபோது எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

லெஸ்டர் அக்கா

ரொம்ப வருத்தமாக இருக்கிறது அக்கா. துக்கத்துக்கும் மன்னிப்புக்கும் எண் போடக் கூடாது. இரண்டு வரியில் ஒரு பத்தி, வெற்று வரி, அடுத்த பத்தியில் போகிற தேதியும் வருகிற தேதியும். தேதியில் மாதத்தின் பெயரை எழுதுங்கள். 03/04 என்றால் ஒருவர் மார்ச் என்பார், இன்னொருவர் ஏப்ரல் என்பார்.

ஹாரோ நண்பர்

சரி அக்கா, டேபிளை விட்டுவிடுகிறேன். ஆனால் நலம் விசாரிக்காமல் நேராகக் “ஆள் அனுப்புங்கள்” என்பது எனக்கு ஒப்பவில்லை. என் மேனேஜர் அந்த ஒரு வரியைக் கவனிக்கிறவர்.

லெஸ்டர் அக்கா

மேனேஜருக்குப் போடுங்கள், ஆளைப் பொறுத்தது. ரிப்பேர் மெயிலில் நான் போட மாட்டேன். போட்டே ஆக வேண்டும் என்றால் கடைசியில் போடலாம். தம்பி, அனுப்பும் முன் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பிப் போனில் திறந்து பாருங்கள். திரையைத் தள்ளாமலே உங்கள் முதல் கேள்வி தெரிய வேண்டும்.

ரெடிங் புதுவரவு

எனக்கே அனுப்பிப் பார்த்தேன். முள் 0.3 காட்டியது, அதையே போட்டேன். காலை 8:40க்கு அனுப்பினேன், 9:15க்குப் பதில்: “1. இன்று 2 முதல் 4. 2. அலுவலகத்தில் ஒரு ஹீட்டர் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.” ஆள் வந்து வால்வை மாற்றிவிட்டார், முள் 1.3இல் நிற்கிறது. ரொம்ப நன்றி அக்கா.

சாவிக்குத் தனி மெயில் போட்டு நாலு நாள் ஆகிவிட்டது, பதில் இல்லை. அதே மெயிலுக்குக் கீழேயே நினைவூட்டலாமா, புதிதாக எழுத வேண்டுமா?