ஆர்கைவ் 81 தொடரின் கதை முடிகிறதா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கல்லடியில் இருந்து கேட்கிறேன். நெட்ஃபிளிக்ஸில் ஆர்கைவ் 81 பார்க்க நானும் தங்கச்சியும் ஆசைப்படுகிறோம், ஆனால் 1899 என்ற தொடர் மாதிரி உச்சத்தில் அறுந்துபோனால் தாங்க மாட்டோம்.

தேடியதில் 2022 ஜனவரியில் 8 எபிசோட் வந்தது, மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டார்கள் என்பது மட்டும் உறுதி. நெட்ஃபிளிக்ஸ் பக்கத்தில் ஒரு சீசன் என்றுதான் தெரிகிறது, அதை வைத்து முடிந்த கதையா வெட்டிய கதையா என்று சொல்ல முடியாது. குறுந்தொடராக எடுத்திருந்தால் ஒரு சீசனே முழுக்கதை, இது அப்படியில்லை, அடுத்த சீசன் வரும் என்று நினைத்து எடுத்தது. விக்கிப்பீடியாவில் ரத்து விவரம் வரை வாசித்து நிறுத்திவிட்டேன், எபிசோட் சுருக்கத்தைத் திறந்தால் முடிவே தெரிந்துவிடும். யூடியூப் விளக்க வீடியோக்களிலும் தலைப்பும் படமுமே கதையை உடைக்கின்றன. மச்சான் ஒருவரிடம் கேட்டேன், அவர் பாதியில் விட்டவர்.

ரத்தானாலும் முக்கிய மர்மம் தீர்ந்திருந்தால் எங்களுக்குப் போதும். எட்டாவது எபிசோட் வரை பார்த்தவர்கள், கதையைச் சொல்லாமல், அந்தக் காணாமல்போன பெண்ணின் மர்மத்துக்கு விடை கிடைக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்வீர்களா?