மணிக்கூண்டு விழுந்தால் நிரூபிக்க வேண்டியது யார்?

நெல்லைப்பாண்டி: நடந்ததே கதை சொல்கிறது என்ற ரெஸ் இப்ஸா லோக்விடுர் விதி வந்துவிட்டால் வாதி எதையும் நிரூபிக்க வேண்டாம். நிரூபிக்கும் பாரம் முழுக்க எதிராளி தலையில். டெல்லி மணிக்கூண்டு வழக்கைப் பாருங்கள்.

பழைய கட்சிக்காரன்: தீர்ப்பைப் படித்துவிட்டா சொல்கிறீர்கள்? சாந்தினி சவுக்கில் 1951-ல் இடிந்த கூண்டு அது. உரிமையும் கட்டுப்பாடும் நகராட்சியிடம் மட்டுமே இருந்தன என்பது முதலில் நிற்க வேண்டியிருந்தது. அதன் பிறகுதான், விழுந்ததே கதை சொல்கிறது என்று 1966-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டடத்தின் வயது 80. அந்தக் கட்டுமானக் காரைக்கு ஆயுள் 40, 45 ஆண்டு. இடிந்த பிறகு பார்த்தால் காரை பொடியாகக் கிடந்தது. அதற்கு முன் சோதித்ததற்கு நகராட்சியிடம் சாட்சியம் இல்லை. தோற்றது அதனால்தான்.

நெல்லைப்பாண்டி: ஆக, பேச வேண்டியது நகராட்சிதானே? அதற்குப் பெயர்தான் பாரம் மாறுவது.

பழைய கட்சிக்காரன்: இல்லை ஐயா. ஹாங்காங் பேருந்து வழக்கு, அப்போது ஹாங்காங்குக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், 1988. பேருந்து நடுத்திட்டைத் தாண்டி எதிரே வந்த வண்டியில் மோதியது. வாதிகள் விபத்தை மட்டும் காட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். திடீரென ஒரு கார் குறுக்கே வந்தது, பிரேக் போட்டேன், சறுக்கியது என்றார் ஓட்டுநர். அந்த விளக்கம் நம்பும்படி இருந்தது. வாதிகள் தோற்றார்கள். பாரம் கடைசிவரை வாதியிடமே. தராசு சமமாக நின்றாலும் தோற்பது அவர்தான்.

சுந்தரி_மதுரை: என் கணவருக்கு ஆபரேஷன் செய்தும் வலி போகவில்லை. வழக்குப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் டாக்டர் நிரூபிப்பாரா?

பழைய கட்சிக்காரன்: இல்லை அம்மா. கவனமாகச் செய்த ஆபரேஷனிலும் வலி மிஞ்சலாம். வயிற்றுக்குள் பஞ்சை விட்டுத் தைத்திருந்தால் கதை வேறு.

சுந்தரி_மதுரை: பஞ்சு இல்லை. ஆனால் பில் இரண்டு தடவை போட்டார்கள்.

நெல்லைப்பாண்டி: ஹாங்காங் தீர்ப்பு இங்கே யாரைக் கட்டுப்படுத்தும்? 1977-ல் புஷ்பாபாய் வழக்கு. நாக்பூரிலிருந்து போன கார் மரத்தில் மோதியது. தன் கவனக்குறைவு அல்லாத வேறு காரணத்தை நிலைநாட்ட வேண்டியது பிரதிவாதி என்றது நம் உச்ச நீதிமன்றமே. இப்போது பேசுங்கள்!

கோர்ட்வாசல்: பாண்டி அண்ணன் அடித்துவிட்டார் போலிருக்கிறதே.

பழைய கட்சிக்காரன்: கைதட்ட மட்டும் வந்துவிடுவீர்கள். போன மாதம் செக் வழக்கில் உளறியதை நான் மறக்கவில்லை. புஷ்பாபாயில் யாரும் நம்பும்படி விளக்கம் தரவில்லை. விளக்கம் வந்து தராசு சமமாக நின்றால் என்ன என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

கோர்ட்வாசல்: செக் வழக்கை இங்கே இழுக்காதீர்கள். அதில் நான் சொன்னதுதான் சரி.

நெல்லைப்பாண்டி: ‘நிலைநாட்ட வேண்டும்’ என்று எழுதியிருக்கிறதா, இல்லையா?

பழைய கட்சிக்காரன்: எழுதியிருக்கிறது. எந்த உண்மைகளின் மேல் என்பதையும் படியுங்கள்.

நெல்லைப்பாண்டி: சரி, எழுதியிருக்கிறதே, அது போதும் எனக்கு.