கன்ட்ரோலரில் ஏ-யும் பி-யும் இடம் மாறி வேலை செய்கின்றன, நடுவில் தொடர்பும் அறுகிறது. என்ன செய்யலாம்?

நள்ளிரவு ரேசர்
ஆண்ட்ராய்டு போனில் ப்ளூடூத் கன்ட்ரோலர் ஒன்றைப் பேர் செய்திருக்கிறேன். ஏ அழுத்தினால் பி அழுத்தியதாகப் போகிறது, எக்ஸும் ஒய்யும் அதேபோல. கார் ரேஸில் இன்னொரு தொல்லை, ட்ரிக்கரை லேசாகத் தொட்டாலே வண்டி முழு வேகத்தில் பாய்கிறது. இதெல்லாம் போதாதென்று அவ்வப்போது தொடர்பு அறுந்து தானாகவே திரும்ப வருகிறது. மேப்பிங் ஆப் போட்டு ஏ, பி-யை மாற்றிப் பார்த்தேன், அரை மணி நேரத்தில் பழையபடி ஆகிவிட்டது. கன்ட்ரோலரே போய்விட்டதா?

கீரிப்பிள்ளை
பேட்டரி சேவர்தான் காரணம் ப்ரோ. அதை அணைத்துவிடுங்கள், இரண்டுமே சரியாகிவிடும். எனக்கு அப்படித்தான் சரியானது.

ஈயப்பற்று
கீரிப்பிள்ளை சொல்வதில் பாதி சரி. பேட்டரி சேவர் பின்னணியில் ஓடும் மேப்பிங் ஆப்பை மூடிவிடும், அரை மணி நேரத்தில் பழையபடி ஆனது அதனால்தான் இருக்கும். ஆனால் ஏ, பி முதலில் ஏன் மாறின என்பதற்கு அது பதில் இல்லை.

எனக்குத் துப்பு கொடுப்பது அந்த ட்ரிக்கர். நின்டெண்டோ ஸ்விட்ச் மோடில் ட்ரிக்கர் வெறும் பட்டன்தான், அழுத்தினால் முழுசு, விட்டால் ஒன்றுமில்லை. அந்த மோடில் ஏ இருக்கும் இடமும் வேறு. அதனால் இரண்டு தொல்லைக்கும் ஒரே வேர் என்று தோன்றுகிறது. போனின் ப்ளூடூத் பட்டியலில் கன்ட்ரோலர் என்ன பெயரில் இருக்கிறது?

நள்ளிரவு ரேசர்
`Pro Controller` என்று இருக்கிறது அண்ணா.

ஈயப்பற்று
அதேதான், அது ஸ்விட்ச் கன்ட்ரோலரின் பெயர். முதலில் போனில் அந்தப் பெயரைத் தட்டி, மறந்துவிடு என்று கொடுங்கள். இதைத் தாண்டிப் போனால் பழைய பேரிங்கையே மறுபடி பிடித்துக்கொள்ளும். அப்புறம் கன்ட்ரோலரை முழுதாக அணைத்துவிட்டு, ஆண்ட்ராய்டு மோடில் ஆன் செய்யுங்கள். எந்தப் பட்டன்களைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கூட வந்த தாளில் பாருங்கள். விளக்கு வேகமாக மினுங்கும்போது புதிதாகப் பேர் செய்யுங்கள். மேப்பிங் ஆப்பையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சரியானதை அது திரும்ப மாற்றி வைக்கும்.

பூனைக்குட்டி_7
நான் விளையாடும் கேமில் கன்ட்ரோலர் வேலையே செய்வதில்லை, நானும் மோடு மாற்ற வேண்டுமா?

ஈயப்பற்று
உங்கள் கதை வேறு. போனின் ஹோம் திரையில் கன்ட்ரோலரின் அம்புக்குறிப் பட்டனால் ஐகான்களுக்கு இடையே நகர முடிந்தால் கன்ட்ரோலர் சரியாகவே இருக்கிறது, அந்த கேம்தான் தொடுதிரைக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கும். மோடு மாற்றிப் பயனில்லை.

நள்ளிரவு ரேசர்
செய்தேன். இப்போது `Xbox Wireless Controller` என்று காட்டுகிறது. பட்டன் நான்கும் சரி, ட்ரிக்கரும் அழுத்துகிற அளவுக்குத்தான் வேகம் தருகிறது! ஆனால் தொடர்பு மட்டும் இன்னும் அறுகிறது.

ஈயப்பற்று
அறும்போது கன்ட்ரோலர் விளக்கு அடியோடு அணைகிறதா, மினுங்குகிறதா? அணைந்தால் கன்ட்ரோலரே தூங்கப் போகிறது அல்லது சார்ஜ் தீர்ந்திருக்கிறது. மினுங்கினால் அது போனைத் தேடுகிறது, அதாவது நடுவில் சிக்னல் போகிறது. ப்ளூடூத் இயர்போன் போட்டு விளையாடுகிறீர்களா?

நள்ளிரவு ரேசர்
மினுங்குகிறது. ஆமாம், இயர்போன் எப்போதும் காதில் இருக்கும்.

ஈயப்பற்று
இயர்போன், கன்ட்ரோலர், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மூன்றும் ஒரே அலைவரிசையில் நெருக்கியடிக்கின்றன. இயர்போன் LDAC என்ற உயர்தர ஆடியோ கோடெக்கில் ஓடினால் நொடிக்கு 990 கிலோபிட் வரை பாட்டுக்கே போய்விடும், கன்ட்ரோலருக்குக் கிடைப்பது மிச்சம்தான். ஒரு நாள் இயர்போன் இல்லாமல் விளையாடிப் பாருங்கள். அறாமல் இருந்தால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், டெவலப்பர் ஆப்ஷனில் ஆடியோ கோடெக்கை அதைவிடக் குறைவாக எடுக்கும் SBC என்று வையுங்கள். ஒன்றை மாற்றிப் பார்த்த பிறகே அடுத்தது, இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது மருந்து என்று தெரியாது.

கீரிப்பிள்ளை
என்னிடம் LDAC இயர்போன்தான், கூடவே கன்ட்ரோலரும் ஓடுகிறது, ஒரு தடவைகூட அறுந்ததில்லையே.

ஈயப்பற்று
உங்கள் வைஃபை ஏற்கனவே 5-இல் இருக்கலாம். போனுக்குப் போன் ஆன்டெனாவும் வேறு.

நள்ளிரவு ரேசர்
மூன்று நாள் பார்த்தேன். வைஃபையை 5-க்கு மாற்றியதுமே ஏறக்குறைய நின்றுவிட்டது, கோடெக்கைத் தொடவில்லை. ஆனால் நேற்று ஒரே ஒரு தடவை அறுந்தது, அப்போது பக்கத்தில் என் லேப்டாப் ஆன் ஆகியிருந்தது. கன்ட்ரோலரை முன்பு அதனோடும் பேர் செய்திருந்தேன். இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

ஈயப்பற்று
இருக்கலாம், ஒரு தடவை வைத்துச் சொல்ல முடியாது. லேப்டாப்பில் அந்தப் பேரிங்கை நீக்கிவிட்டு, மறுபடி அறுந்தால் விளக்கைப் பார்த்து இங்கே எழுதுங்கள்.